அண்டி ஆபீஸ்ல புது வேலை: புள்ளிக்கணக்கு 24,000 சொல்லுது, பிள்ளை 28,000 கேக்குது

கருங்கல் முதலாளி மவன்:
எங்க அண்டி ஆபீஸ்ல, அதான் முந்திரி பேக்டரில, சம்பள அமைப்புன்னு ஒண்ணு கிடையாது. அப்பா காலத்துல இருந்து ஆளுக்கு ஒரு தொகை. இப்போ தரப் பரிசோதனையும் ஏற்றுமதி பேப்பரும் பாக்க புதுசா ஒரு வேலை போடுதோம். ஆலோசகர் ஒருத்தர் ஒவ்வொரு வேலையும் எவ்வளவு பெருசுன்னு புள்ளி போட்டு, இதுக்கு 24,000 குடுக்கச் சொன்னாரு. புள்ளி போட்டா சண்டையே வராதாம். நேர்காணலுக்கு வந்த பிள்ளை எம்.எஸ்சி., 28,000 கேக்குது. எதைக் குடுக்க?

குளச்சல் எம்எஸ்சி:
சண்டை வராதா? நான் ஆரம்பிக்கேன். படிப்புக்கு எத்தனை புள்ளி போட்டாரு அந்த மேதை?

கருங்கல் முதலாளி மவன்:
படிப்பு 60, அனுபவம் 60, தப்பு நடந்தா வரும் நஷ்டம் 120, தானே எடுக்கிற முடிவு 80, வெளித்தொடர்பு 50, வேலைச் சூழல் 20. ஆகமொத்தம் 390.

குளச்சல் எம்எஸ்சி:
60-ஆ! பட்டப்படிப்புக்கு 60-ன்னா முதுகலைக்கு 80 போடணும்லா? ரெண்டு வருசம் லேப்ல கெடந்து படிச்சது 20 புள்ளிக்குக் கூட ஆகாதோ?

பழைய பெர்சனல் ஆபீசர்:
தம்பி, புள்ளி நாற்காலிக்கு. அதுல வந்து உக்காருத ஆளுக்கு இல்ல. பருப்புல ஈரம் 5 சதவீதத்துக்கு மேல போகாம பாக்கணும், டபிள்யூ 320-ங்கிற முழுப்பருப்புத் தரத்து டின்னுல உடைஞ்சது எவ்வளவு கலந்திருக்குன்னு எண்ணணும், பூஞ்சை நச்சு டெஸ்டுக்கு மாதிரி எடுத்து அனுப்பணும், ஷிப்மெண்ட் பேப்பர் பிழையில்லாம இருக்கணும். இதுக்கு பி.எஸ்சி. போதும்னா 60 தான். நாளைக்கு டாக்டர் பட்டம் வாங்கினவர் வந்து இருந்தாலும் 60 தான்.

எனக்கு வேற சந்தேகம். 24,000 எந்தக் கணக்குல வந்தது? மத்த வேலைகளோட புள்ளியும் இப்போ வாங்குத சம்பளமும் போடுங்க.

கருங்கல் முதலாளி மவன்:
ஸ்டோர் கீப்பர் 220 புள்ளி, 15,000.
கிரேடிங் சூப்பர்வைசர் 300, 18,500.
பாய்லர் ஆபரேட்டர் 330, 20,000.
கணக்கர் 410, 31,000.
ஷிப்ட் இன்சார்ஜ் 480, 26,500.
பேக்டரி மேனேஜர் 620, 33,000.

பழைய பெர்சனல் ஆபீசர்:
ஹா. கணக்கர் யாரு, சொந்தமா?

கருங்கல் முதலாளி மவன்:
அம்மாவோட தம்பி.

பழைய பெர்சனல் ஆபீசர்:
அதான பாத்தேன். புள்ளியைக் கீழேயும் சம்பளத்தைப் பக்கத்துலயும் வச்சு ஒரு கிராப் தாளுல ஆறையும் குறிச்சுப் பாருங்க. அஞ்சு வேலை ஏறக்குறைய ஒரே கோட்டுல நிக்கும், மாமா மட்டும் தென்னை மரம் மாதிரி மேல நிப்பாரு. அவரையும் சேத்து கோடு போட்டா 390-க்கு 23,850 வருது. உங்க ஆலோசகர் அதை 24,000-னு ரவுண்ட் பண்ணிட்டாரு. அவரை விட்டுட்டுப் போட்டா 22,600. மாமாவுக்கு உள்ள பாசத்துல 1,250 ரூவா புது ஆளோட சம்பளத்துல ஏறிக் கெடக்கு. கோட்டுப்படி மாமாவோட 410-க்கு 23,500 தான் நியாயம். அவரு சம்பளத்தைக் குறைக்கச் சொல்லல, குறைக்கவும் முடியாது. கோட்டுக்குள்ள கொண்டு வராதீங்கன்னு தான் சொல்லுதேன்.

இனி நம்ம எம்.எஸ்சி. தம்பிக்கு. இந்தக் கோட்டுல ஒரு புள்ளி ஏறக்குறைய 45 ரூவா. நீங்க மல்லுக்கட்டுத 20 புள்ளி மொத்தம் 900 ரூவா.

குளச்சல் எம்எஸ்சி:
900 ரூவா உங்களுக்கு மலிவா இருக்கலாம். நான் கேக்குறது 60 ஏன் 80 ஆகலன்னு.

தோவாளை மணி:
எங்க பக்கத்து ஆபீஸ்ல தோல் உரிக்கிறதுக்குக் கிலோவுக்கு ரேட்டு தான். அதிகம் உரிச்சா அதிகம். அதுல புள்ளி கணக்கெல்லாம் கிடையாதே? எங்க மைனிக்கு மட்டும் புள்ளி குடுக்காம ஏமாத்துறாங்களா?

பழைய பெர்சனல் ஆபீசர்:
அண்ணாச்சி, அது எவ்வளவு செஞ்சாங்கங்கிற கணக்கு. இது வேலை எவ்வளவு பெருசுங்கிற கணக்கு. மைனிக்குக் கிலோ ரேட்டுல நாள் கூலி அரசாங்கம் அறிவிச்ச குறைந்தபட்சக் கூலிக்குக் கீழ போகுதான்னு மட்டும் பாருங்க, அதுக்கு வேற திரி ஆரம்பிங்க.

நாகர்கோவில் தணிக்கை:
கணக்கர் எல்லாம் சும்மாவா? ஜிஎஸ்டி, பேங்க், இறக்குமதி பில் எல்லாம் அந்த மனுசன் தலையில. 410-ங்கிறதே குறைவு. அவரை வெட்டிட்டா பெர்சனல் ஆபீசருக்குத் தேவையான கோடு வந்துடும்.

பழைய பெர்சனல் ஆபீசர்:
குறைவுன்னா புள்ளியை ஏத்துங்க, ஆனா மாமா முகத்தைப் பாக்காம ஏத்தணும். 31,000 சரின்னு காட்ட ஏறக்குறைய 575 வேணும். கணக்கர் 575, மொத்த பேக்டரியையும் சுமக்கிற மேனேஜர் 620-னு அந்த மேனேஜர் முன்னால சொல்லிப் பாருங்க.

நாகர்கோவில் தணிக்கை:
அஞ்சே அஞ்சு வேலையை வச்சு ஒரு கோடு. ஒரு சம்பளம் மாறினா கோடும் சாயும். அதையும் சொல்லுங்க.

பழைய பெர்சனல் ஆபீசர்:
சாயும், ஒத்துக்கிடுதேன். அதுக்காகத்தான் 22,600-ஐ ஒத்தத் தொகையா வைக்காம, பத்து சதவீதம் கீழ, பத்து சதவீதம் மேலன்னு விடணும். 20,300-ல இருந்து 24,900 வரை. எம்.எஸ்சி., மூணு வருச லேப் அனுபவம் எல்லாம் இந்த இடைவெளிக்குள்ள தான் பேசும். அந்தப் பிள்ளையை 24,500-ல எடுக்கலாம். 28,000 குடுத்தா அது 510 புள்ளி வேலைக்கான சம்பளம். 480-ல இருக்கிற ஷிப்ட் இன்சார்ஜ் மறுநாள் காலைல உங்க மேசை முன்னால நிப்பாரு.

விளவங்கோடு வாசி:
கொல்லத்துல முந்திரி கம்பெனிக இந்த வேலைக்கு எவ்வளவு குடுக்குதுன்னு தெரியுமாவே? பஸ் ஏறினா போயிரலாம். உங்க கோடு களியக்காவிளையோட முடிஞ்சு போச்சா?

பழைய பெர்சனல் ஆபீசர்:
இந்தக் கேள்விதான் சரியான கேள்வி. ஆள் கெடைக்கலன்னா சந்தைப் படின்னு தனியா ஒரு தொகை குடுங்க, வருசா வருசம் பாத்து எடுக்கலாம் வைக்கலாம். புள்ளியை மட்டும் ஏத்தாதீங்க. ஏத்துனா அது அந்த நாற்காலியோட ஒட்டிக்கிடும்.

விளவங்கோடு வாசி:
நாகர்கோவில்காரனுக்கு வடசேரி பஸ் ஸ்டாண்டுதான் உலகம்.

நாகர்கோவில் தணிக்கை:
வேய், பெர்சனல் ஆபீசர் தக்கலைக்காரர். என்னை எதுக்கு இழுக்கீரு?

அருமனை ரோஸி:
நான் ஒண்ணு கேக்கேன். கிரேடிங் சூப்பர்வைசர் பொம்பளை தானே? 18,500. எழுபது பொம்பளைங்க பிரிச்ச பருப்பை ஒத்தைக் கண்ணால பாத்து டபிள்யூ 240, 320-னு ஒதுக்குறவ. பாய்லருக்குச் சூழல்ல எத்தனை போட்டீங்க?

கருங்கல் முதலாளி மவன்:
பாய்லருக்கு 80. கிரேடிங்குக்கு 20.

அருமனை ரோஸி:
வெக்கைக்கு 80, நாள் பூரா குனிஞ்சு இருந்து கண்ணு வலிக்கிறதுக்கு 20. கண்ணுக்கும் இடுப்புக்கும் தாளுல கட்டமே இல்லையே. ஏற்கெனவே குறைவா குடுத்த சம்பளத்து மேல கோடு வரைஞ்சிட்டு, பாத்தியா கோட்டுல உக்காந்திருக்குன்னு சொல்லுறது என்ன நியாயம்?

பழைய பெர்சனல் ஆபீசர்:
பாய்லருக்கு அட்டெண்டண்ட் சர்டிபிகேட் வேணும், வெடிச்சா ஆளு போயிரும்...

அருமனை ரோஸி:
சர்டிபிகேட்டைப் படிப்புல போட்டாச்சு. வெடிக்கிறதைத் தப்பு நடந்தா நஷ்டத்துல போட்டாச்சு. திரும்ப சூழல்லயும் போடுறீங்களே, ஒரே காரியத்துக்கு மூணு தடவையா?

பழைய பெர்சனல் ஆபீசர்:
முப்பது வருசமா இப்படித்தான் போட்டோம். பாய்லர் ரூம்ல ஒரு ஷிப்ட் நின்னு பாத்துட்டு வாங்க, பேசுவோம்.

அருமனை ரோஸி:
நீங்க ஒரு நாள் கிரேடிங் மேசைல இருந்துட்டு வாங்க.

குளச்சல் எம்எஸ்சி:
எல்லாரும் எங்கெங்கயோ போயிட்டீங்க. 60 ஏன் 80 ஆகல?

பழைய பெர்சனல் ஆபீசர்:
நாற்காலிக்கு, தம்பி. நாற்காலிக்கு.

கருங்கல் முதலாளி மவன்:
மாமா இந்தத் திரியைப் பாத்துட்டாரு. யாரு அனுப்புனது?