எலி வாலுக்குக் காசு: தலையைக் கேட்டிருந்தால் சரியாகியிருக்குமா?

ராயக்கோட்டையான்:
ஒரு ஊரில் எலித் தொல்லை. ஒரு வாலுக்கு இவ்வளவு காசு என்று அறிவித்தார்கள். வால் மூட்டை மூட்டையாக வந்தது, எலி மட்டும் குறையவில்லை. போய்ப் பார்த்தால் தெருவில் வாலில்லாத எலிகள் ஓடுகின்றன, ஊருக்கு வெளியே ஆட்கள் எலி வளர்க்கிறார்கள். காசு என்றால் நம் ஜனங்கள் புத்தி இப்படித்தான் போகும். வாலுக்குப் பதில் தலையைக் கேட்டிருந்தால் ஒரு பிரச்சினையும் வந்திருக்காது.

தென்பெண்ணை:
"நம் ஜனங்கள்" எங்கிருந்து வந்தார்கள்? அந்த ஊருக்குப் பெயர் இருக்கிறது. வியட்நாமில் ஹனோய், 1902. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலம். வெள்ளைக்காரர்கள் குடியிருந்த பகுதிக்குப் புதிதாகப் பாதாளச் சாக்கடை கட்டினார்கள். பாம்பு, பூனை எதுவும் எட்டாத அந்த இருட்டில் எலி பெருகி, கழிப்பறைக் குழாய் வழியாகவே வீட்டுக்குள் ஏறியது. பிளேக் பயம் வேறு. முதலில் கூலி கொடுத்து ஆட்களைச் சாக்கடைக்குள் இறக்கினார்கள். ஜூன் மாதத்தில் ஒரே நாளில் 20,000-க்கு மேல் கொன்ற கணக்கு உண்டு. அப்படியும் தீரவில்லை என்றுதான் பொதுமக்களுக்கு வாலுக்கு ஒரு சென்ட் என்று அறிவித்தார்கள். முழு எலியை வாங்கினால் அழுகும் பிணத்தை அலுவலகம் எங்கே புதைப்பது? அதனால்தான் வால். தலை கேட்டாலும் அதே நாற்றம்தான்.

ராயக்கோட்டையான்:
நாற்றத்துக்குப் பயந்துதான் திட்டம் கெட்டது என்று நீங்களே ஒத்துக்கொண்டீர்கள். தலை என்றால் எலி செத்தாக வேண்டும். வாலை வெட்டிவிட்டு விட்டால் அது போய்க் குட்டி போடும். இவ்வளவுதான் விஷயம். தலை!

பென்னாகரம் பூங்கொடி:
எங்கள் வீட்டிலும் எலித் தொல்லை தாங்கவில்லை. கேழ்வரகு மூட்டையை ஓட்டை போட்டுவிட்டது. மூங்கில் கிட்டி வைத்தால் கேட்கும் என்கிறார்கள். பொரி வைக்க வேண்டுமா, கருவாடா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தென்பெண்ணை:
அக்கா, கிட்டி வயலுக்கு. வீட்டுக்குக் கூண்டு வையுங்கள், கருவாடே போதும்.

இப்போது தலைக்கு வருகிறேன். எலி நிறைய இருக்கும்போது பிடிப்பது சுலபம். பத்து எலிக்கு அரை மணி நேரம் போதும். குறையக் குறைய ஒரு எலிக்கே ராத்திரி முழுக்கச் சாக்கடையில் கிடக்க வேண்டும். ஆனால் கூண்டில் வளர்க்கும் செலவு மாறவே மாறாது. பெட்டை எலி சினை பிடித்த மூன்று வாரத்தில் ஆறு, எட்டு குட்டி போடும், எச்சில் சோறு போட்டால் வளரும். திட்டம் ஜெயிக்க ஜெயிக்கப் பிடிப்பதைவிட வளர்ப்பது மலிவாகிவிடும். வளர்த்த எலிக்கும் கழுத்துக்கு மேல் தலை இருக்கிறது. ஹனோயில் சுகாதார அதிகாரிகள் ஊர் ஓரத்தில் கண்டுபிடித்த எலிப் பண்ணைக்காரன், தலை கேட்டிருந்தால் தலையைக் கொடுத்திருப்பான்.

ராயக்கோட்டையான்:
பண்ணை நாலு பேர் வைத்திருப்பான். வாலை வெட்டி விட்டது ஊரே. எது பெரிய ஓட்டை? தலை கேட்டால் அந்த ஓட்டை அடைபடும். இதற்கு இன்னும் பதில் வரவில்லை.

அரூர் விவசாயி:
நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஏரி ஆயக்கட்டில் நெல் பால் பிடிக்கிற நேரத்தில் எலி வெட்டித் தள்ளியது. விவசாயிகள் காசு போட்டு, எலி பிடிக்கிறவர்களுக்கு வாலுக்கு இவ்வளவு என்று பேசினோம். வால் கட்டுக் கட்டாக வந்தது. யாரும் வளர்க்கவில்லை, யாரும் வெட்டி விடவும் இல்லை. எல்லாம் செத்த எலிதான். ஆனால் பாதி வால் பக்கத்து ஊர்க் கடலைக் கொல்லையிலிருந்து வந்தது. அங்கே மண் பொலபொலவென்று இருக்கும், வளையைத் தோண்டுவது லேசு. எங்கள் வரப்பு இறுகிக் கிடக்கும். பிடிக்கிறவர் மேல் தப்பில்லை. எலி கேட்டோம், எலி கொடுத்தார். எந்த வயல் எலி என்று வாலில் எழுதியா இருக்கிறது?

தென்பெண்ணை:
இதைத்தான் சொல்கிறேன்! ஹனோயிலும் வெளியூர் எலியை ஊருக்குள் கடத்திக்கொண்டு வந்தார்கள். பக்கத்து ஊர் எலிக்கும் தலை உண்டு, ராயக்கோட்டை சார்.

அண்ணே, அப்புறம் என்ன செய்தீர்கள்?

அரூர் விவசாயி:
வாலை விட்டுவிட்டு வளைக்கு மாறினோம். சாயங்காலம் ஒரு வயலில் இருக்கிற எல்லா வளை வாயையும் சேறு வைத்து மூடிவிட வேண்டும். எலி உள்ளே இருந்தால் ராத்திரி பிளந்துகொண்டு வரும். காலையில் திறந்திருப்பதை எண்ண வேண்டும். பிடித்து முடித்தபின் இன்னொரு தடவை மூடி எண்ண வேண்டும். திறப்பு குறைந்திருந்தால் ஏக்கருக்குப் பேசிய கூலி. இரண்டு வருஷம் நன்றாகப் போனது. அப்புறம் காலையில் யார் எண்ணுவது என்று எங்களுக்குள்ளேயே சண்டை.

ஓசூர் கணக்கன்:
எண்ணப் போகிறவர் வருவதற்கு முன்னால் விடியற்காலையில் ஒரு கை சேறு வைத்து மூடிவிட்டால்? அதையும் ஏமாற்றலாமே. டெல்லியில் வெள்ளைக்காரன் நல்லபாம்புக்குக் காசு கொடுத்தான், ஜனங்கள் பாம்பு வளர்த்தார்கள், எல்லோருக்கும் தெரிந்த கதை. எந்த அளவுகோலும் நிற்காது.

தென்பெண்ணை:
அந்தப் பாம்புக் கதைக்கு ஆதாரம் கிடையாது. ஹோர்ஸ்ட் சீபெர்ட் என்ற ஜெர்மன் பொருளாதார அறிஞர் 2001-ல் தன் புத்தகத்துக்கு அதைத் தலைப்பாக வைத்தார், அதிலிருந்து பரவியது. ஹனோய்க்கு ஆவணம் இருக்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

ஓசூர் கணக்கன்:
ஆதாரம் இல்லை என்றால் நடக்கவில்லை என்று அர்த்தமா? போன மாதம் மாங்கூழ் விலை விவாதத்திலும் இதே மாதிரிதான் ஆதாரம், ஆதாரம் என்று ஆளை வாயடைத்தீர்கள். கடைசியில் காவேரிப்பட்டினத்தில் விலை என்ன ஆனது?

தென்பெண்ணை:
மாங்கூழை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்? நான் சொன்னது தோத்தாபுரி மாங்காய் விலை. நீங்கள் பேசியது ஆலைக்காரர்கள் விற்கும் விலை. அன்றைக்கும் இதையேதான் சொன்னேன்.

ராயக்கோட்டையான்:
ஒருவர் மாங்காய், ஒருவர் பாம்பு. என் கேள்வி அப்படியே நிற்கிறது. சரி, இன்னொன்று கேட்கிறேன். முன்கூட்டிச் சொல்லாமல் பதினைந்தே நாள், தலைக்குக் காசு என்று அறிவித்தால்? குட்டி போட்டு வளர்க்க அவகாசம் ஏது? பண்ணை எங்கிருந்து வரும்?

தென்பெண்ணை:
பதினைந்து நாளில் பண்ணை வராது, வெளியூர் எலி வரும். அந்தச் சாக்கடையும் அப்படியே இருக்கும். மூன்றே மாதத்தில் மறுபடி நிரம்பிவிடும். ஹனோயில் கடைசியில் காசு கொடுப்பதையே நிறுத்தினார்கள். 1906-ல் பிளேக் வந்தபோது செத்தவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள். சாக்கடை யாருக்காகக் கட்டினது, செத்தது யார் என்று பாருங்கள். நீங்கள் என்னடா என்றால் "ஜனங்கள் புத்தி" என்கிறீர்கள். கோபம் வராமல் என்ன செய்யும்?

ராயக்கோட்டையான்:
பதினைந்து நாளில் பண்ணை வராது என்று சொல்லிவிட்டீர்கள் அல்லவா, அது போதும் எனக்கு. தலை கேட்டிருந்தால் சரியாகியிருக்கும்.

தென்பெண்ணை:
முழுசாகப் படியுங்கள் சார். வெளியூர் எலி வரும் என்றேன்.

ராயக்கோட்டையான்:
எல்லையில் ஆள் நிறுத்தினால் வராது.

அரூர் விவசாயி:
எல்லையில் நிற்கிற ஆளுக்கு நாளைக்கா கூலி, பிடிக்கிற எலிக்கா கூலி?

பென்னாகரம் பூங்கொடி:
கருவாடு வைத்தேன், பூனை வந்து கூண்டைத் தள்ளிவிட்டது. பொரியே வைக்கிறேன்.

ஓசூர் கணக்கன்:
தோத்தாபுரி விலைக்கு மட்டும் ஆதாரம் கேட்டால் இன்னும் காணோம்.