கலைச்சொல்: "த்ரீ வைற் சோல்ஜர்ஸ்", "த்ரீ பிளாக் குரோஸ்" இரண்டுக்கும் தமிழ்

அனுப்பியவர்: வணிகக்கல்வி ஆசிரியை, சுன்னாகம்

எல்லோருக்கும் வணக்கம். என் பழைய மாணவர்கள் சிலர் சனிக்கிழமைகளில் பங்குச்சந்தை வரைபு படிக்க வருகிறார்கள். அவர்களுக்கான சொற்பட்டியலில் ஒரு நாள் விலையைக் காட்டும் மெழுகுதிரி, தொடக்க விலைக்கும் முடிவு விலைக்கும் இடைப்பட்ட உடல், அதற்கு மேலே அன்றைய உச்சம் வரை நீளும் மேல் நிழல், கீழே அன்றைய அடி வரை நீளும் கீழ் நிழல் வரை சிக்கல் இல்லாமல் வந்துவிட்டோம். இப்போது தலைப்பில் உள்ள சோடியில், அதாவது மூன்று நாள் தொடர்ந்து ஏறும் திரிகளுக்கும் மூன்று நாள் தொடர்ந்து இறங்கும் திரிகளுக்கும் உள்ள பெயர்களில் நிற்கிறோம்.

"மூன்று வெள்ளைச் சிப்பாய்கள்", "மூன்று கறுப்புக் காகங்கள்" என்று சொல்லிப் பார்த்தேன். பிள்ளைகளின் போன் திரையில் ஏறும் திரி பச்சை, இறங்கும் திரி சிவப்பு. வெள்ளையும் கறுப்பும் எங்கே என்று கேட்கிறார்கள். அதைவிட, எங்கள் ஊரில் சிப்பாய் என்ற சொல்லை ஒரு நல்ல செய்திக்குப் பெயராக வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே "வல்லேற்றம்", "வல்லிறக்கம்" என்று வைக்கலாமா? வலுவான ஏற்றம், வலுவான இறக்கம் என்று கேட்டவுடனே விளங்கும்.

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற தமிழ் மாஸ்டர், மானிப்பாய்

பிள்ளை, புணர்ச்சியில் பிழை இல்லை. ஆனால் அதில் மூன்று என்ற எண்ணைக் காணோம். ஒரே நாளில் பாய்ந்து ஏறினாலும் அது வல்லேற்றம்தானே? மூவேந்தர், மூவுலகு என்ற வழியில் "மூவேற்றம்", "மூவிறக்கம்" என்று சொல்லலாம். நிறமும் வேண்டாம், ஆளும் வேண்டாம், பறவையும் வேண்டாம். பங்கு விவகாரம் எனக்குத் தெரியாது. சொல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அனுப்பியவர்: கரவெட்டித் தம்பி

எனக்கு டீச்சரின் வல்லேற்றம்தான் பிடித்திருக்கிறது. மூன்று நாள் தொடர்ந்து பச்சைத் திரி வந்தால் வாங்குபவர்களின் கை ஓங்கிவிட்டது என்று அர்த்தம். நாலாம் நாள் காலையில் வாங்கினால் சரி. பெயரிலேயே "வல்" இருந்தால் புதிதாகப் படிப்பவருக்கும் உடனே பிடிபடும்.

அனுப்பியவர்: கொக்குவில் அண்ணர், பங்குத்தரகு நிலையத்தில் இருந்தவர்

தம்பி சொல்வதில் பாதி சரி. மூன்று பச்சைத் திரி வந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு நாளும் முந்திய நாளின் உடலுக்குள்ளே அல்லது அதன் உச்சிக்கு அருகே தொடங்கி, முந்திய முடிவைவிட மேலே, அன்றைய உச்சத்துக்குக் கிட்ட முடிய வேண்டும். அதாவது காலையில் கொஞ்சம் விற்பார்கள், பின்னேரத்துக்குள் வாங்குபவர் அதை முழுக்க எடுத்துவிடுவார், அதற்கு மேலும் கொடுப்பார். இது மூன்று நாள் நடந்தால்தான் அந்தப் பெயர்.

இனி "வல்" ஏன் கூடாது என்று சொல்கிறேன். ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு பங்கு 60 ரூபாயிலிருந்து விழுந்து, மூன்று கிழமையாக 40, 42 என்று படுத்துக் கிடக்கிறது. முதல் நாள் 41.00இல் தொடங்கி 43.00இல் முடிகிறது, உச்சம் 43.20. அடுத்த நாள் 42.40இல் தொடங்கி 44.80, உச்சம் 45.00. மூன்றாம் நாள் 44.20இல் தொடங்கி 46.70, உச்சம் 46.90. உடல்கள் 2.00, 2.40, 2.50 என்று வளர்கின்றன. மேல் நிழல் மூன்று நாளும் 20 சதம்தான். இதை வல்லேற்றம் என்றால் ஒத்துக்கொள்வேன்.

அதே பங்கு இன்னும் சில கிழமையில் 62க்கு வந்துவிட்டது என்று வையுங்கள். முதல் நாள் 62.00இல் தொடங்கி 65.00, உச்சம் 65.30. அடுத்த நாள் 64.20இல் தொடங்கி 66.20, ஆனால் உச்சம் 67.20. மூன்றாம் நாள் 65.80இல் தொடங்கி 66.80, உச்சம் 68.60. மூன்றும் பச்சை, மூன்றிலும் முடிவு உயர்ந்திருக்கிறது. ஆனால் உடல் 3.00, 2.00, 1.00 என்று சுருங்குகிறது. மேல் நிழல் 30 சதத்திலிருந்து 1.00க்கும், பிறகு 1.80க்கும் நீள்கிறது. மூன்றாம் நாள் 68.60 வரை போனவர்களை அங்கே யாரோ நின்று விற்றுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இரண்டாம் நாளும் அப்படித்தான். இது வலு அல்ல, களைப்பு.

தம்பியின் கணக்கில் இரண்டும் ஒரே பெயர், இரண்டுக்கும் நாலாம் நாள் வாங்கல். அதனால் பெயர் வடிவத்தை மட்டும் சொல்லட்டும். வலுவா களைப்பா என்பதைப் பக்கத்தில் ஒட்டும் அடைமொழி சொல்லட்டும். மாஸ்டரின் மூவேற்றம் அதற்குச் சரியாக இருக்கும்.

அனுப்பியவர்: சாவகச்சேரியிலிருந்து ஒருவர்

நான் ஒரு ஹோட்டல் பங்கு இப்படித்தான் வாங்கினேன். மூன்று நாள் பச்சை, நாலாம் நாள் வாங்கினேன், அடுத்த கிழமையே 9 வீதம் போய்விட்டது. ஆனால் அண்ணர் சொல்வது போல உடல் சுருங்கவே இல்லை. ஒவ்வொரு நாளும் முந்திய நாளைவிடப் பெரிதாகத்தான் இருந்தது, நிழலும் இல்லை. மூன்றாம் நாள் கைமாறிய பங்குகள் வழமையைவிட நாலைந்து மடங்கு. அப்படி இருந்தும் ஏன் விழுந்தது? அதற்கும் ஒரு பெயர் வேண்டும். மற்றது, நட்டத்தில் விற்றால் தரகுக் கூலி திரும்பக் கிடைக்குமா?

அனுப்பியவர்: கொக்குவில் அண்ணர்

தரகு திரும்பாது, வாங்கலுக்கும் விற்றலுக்கும் தனித்தனியாகப் போனதுதான்.

உங்கள் முதல் கேள்விதான் முக்கியம். களைப்பு இரண்டு விதமாக வரும். ஓடுகிறவன் கால் பின்னிப் பின்னி நடையாகி நிற்பது ஒன்று, கடைசி முழு மூச்சையும் கொட்டி ஓடிவிட்டு அப்படியே இருந்துவிடுவது மற்றது. நான் சொன்ன 62 ரூபாய்க் கணக்கு முதல் வகை. உங்களுடையது இரண்டாம் வகை. நீண்ட ஏற்றத்தின் கடைசியில், வெளியே நின்றவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் உள்ளே வருகிறார்கள். அதனால் திரி பெருக்கிறது, கைமாறும் பங்கும் பெருக்கிறது. அதன் பிறகு புதிதாக வாங்க ஆள் மிச்சமில்லை. படத்தில் பார்த்தால் இதுதான் எல்லாவற்றிலும் அழகான மூவேற்றம். அதுதான் ஆபத்து.

எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்றால், திரிகளை விட்டுவிட்டு அதற்கு முன்னால் நடந்ததைப் பார்க்க வேண்டும். படுத்துக் கிடந்த விலையிலிருந்து எழும்பும் மூன்று பெரிய திரி தொடக்கம். ஏற்கெனவே பாதி மடங்கு ஏறிய பங்கில், ஒரு நாள் அசைவு வழமையாக 1.50 ரூபாயாக இருக்க, திடீரென்று 3, 4, 5 ரூபாய் என்று வந்தால் அது பெரும்பாலும் முடிவுக்குக் கிட்ட. பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். சில பங்குகள் அதற்குப் பிறகும் ஒரு மாதம் ஏறியதைப் பார்த்திருக்கிறேன்.

நல்ல மூவேற்றத்திலும் நாலாம் நாள் காலையில் பாய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. என் முதல் கணக்கில் முதல் நாளின் அடி 40.80 என்று வையுங்கள். அதற்குக் கீழே போனால் விற்பதாக 46.70இல் வாங்கினால் இடர் 5.90 ரூபாய், கிட்டத்தட்ட 13 வீதம். விலை திரும்பி 44.50 அளவுக்கு, அதாவது இரண்டாம் நாள் உடலின் மேல்பகுதிக்கு வரட்டும் என்று பொறுத்தால் இடர் 3.70. திரும்பி வராமலே போய்விட்டால் போகட்டும்.

அனுப்பியவர்: கரவெட்டித் தம்பி

அண்ணா, உடல் சுருங்குவதை நான் கவனித்ததே இல்லை, நன்றி. ஆனால் கொழும்புச் சந்தையில் பல பங்குகள் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து கொடுக்கல் வாங்கலோடு முடிகின்றன. அதில் உடல் எது, நிழல் எது என்று பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறதா?

அனுப்பியவர்: கொக்குவில் அண்ணர்

இல்லை. காலையில் யாரோ நூறு பங்கு வாங்கினால் அதுவே தொடக்க விலை. அப்படிப்பட்ட பங்கில் இந்த வடிவங்களைத் தேடாதே. நாளாந்தம் நன்றாகக் கைமாறும் பங்கிலும் சுட்டெண்ணிலும் மட்டும் பார். சுட்டெண்ணிலும் கவனம் வேண்டும். 2022 ஏப்ரலில் சந்தையை ஒரு கிழமை மூடி, 25ஆம் திகதி திறந்த அன்றே விலை விழுந்து நிறுத்தினார்கள். இடையில் வெட்டப்பட்ட நாளின் திரியை முழுத் திரியாக எண்ணினால் கணக்குப் பிழைக்கும்.

அனுப்பியவர்: வணிகக்கல்வி ஆசிரியை, சுன்னாகம்

அப்படியானால் மூவேற்றம் என்றே எழுதுகிறேன். அடைமொழிகள்: உடல் சுருங்கி நிழல் நீள்வது "தளர் மூவேற்றம்". சாவகச்சேரி ஐயாவுக்கு நடந்தது "உச்ச மூவேற்றம்". முதல் இரண்டு திரியும் பெரிதாக வந்து, மூன்றாவது மட்டும் இரண்டாவதின் உச்சியில் சின்னதாக நிற்கிறதே, அதற்கு "தயங்கு மூவேற்றம்" என்று போடலாமா?

காகம் பக்கம்தான் தெளிவில்லை. மூவிறக்கத்துக்கும் இதே அடைமொழிகள் பொருந்துமா? "உச்ச மூவிறக்கம்" என்றால் உச்சத்தில் தொடங்கியதா, உச்சக் களைப்பா என்று பிள்ளைகள் குழம்புவார்கள்.

அனுப்பியவர்: தமிழ் மாஸ்டர், மானிப்பாய்

தளர், தயங்கு இரண்டும் நல்ல வினைத்தொகை. "உச்ச" வேண்டாம், பிள்ளை சொன்ன குழப்பம் நியாயமானது. கொட்டித் தீர்ப்பது என்ற கருத்தில் "கொட்டு மூவேற்றம்" என்று ஒன்று தோன்றுகிறது, ஆனால் காதுக்கு அவ்வளவு நன்றாக இல்லை.

காகத்தைப் பற்றி ஒன்று. எங்கள் வீடுகளில் காகம் கரைந்தால் விருந்து வரும் என்போம், அமாவாசையில் அதற்குச் சோறு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவோம். அதைக் கெடுதலுக்குப் பெயராக்க எனக்கும் விருப்பமில்லை.

அனுப்பியவர்: சாவகச்சேரியிலிருந்து ஒருவர்

சனீஸ்வரனின் வாகனமும் காகம்தான் மாஸ்டர். எனக்கு அந்தப் பெயர் நன்றாகவே பொருந்துகிறது.

அனுப்பியவர்: கொக்குவில் அண்ணர்

ஜப்பானியரிடமிருந்து வந்த பெயர்கள் இவை, அரிசி வியாபாரிகள் வைத்திருந்த முறையிலிருந்து. அவர்களிடம் ஏறும் திரி சிவப்பு, அதனால் அங்கே "சிவப்பு மூன்று படையாள்" என்றுதான் பெயர். ஆகவே வெள்ளையைக் கைவிடுவதில் தவறில்லை. ஆனால் காகத்தில் ஒரு விஷயம் இருக்கிறது: உயர்ந்த மரத்தில் இருந்து கீழே பார்க்கும் காகம் என்று அதை விளக்குவார்கள். அந்தப் பெயர் உயர்ந்த விலைக்குத்தான். நீண்ட ஏற்றத்துக்குப் பிறகு, ஒவ்வொரு நாளும் முந்திய உடலுக்குள் தொடங்கி, அன்றைய அடிக்குக் கிட்ட முடியும் மூன்று நாள். அது வந்தால் எங்களுக்கு ஒரே வேலை, கையில் உள்ளதைக் குறைப்பது.

விலை ஏற்கெனவே பாதியாகிவிட்ட இடத்தில் அதே மூன்று திரி வந்தால் அது வேறு கதை. உடல் சுருங்கி, கீழ் நிழல் நீண்டால் விற்பவர்கள் களைக்கிறார்கள். பெரிதாகி, கைமாறும் பங்கும் பலமடங்கானால் பயந்தவர்கள் எல்லாரும் விற்று முடிக்கிறார்கள். அந்த இடத்தில் பயந்து விற்பது வீண், ஆனால் உடனே வாங்கவும் வேண்டாம். மூன்றாம் நாளின் அடி சில நாள் உடையாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆகவே டீச்சர், மூவிறக்கம் என்பது பொதுப்பெயராக இருக்கட்டும். உச்சியில் வரும் ஒன்றுக்கு மட்டும் காகத்தை விட்டுவைத்தால் என்ன? மாஸ்டர் சம்மதிக்கமாட்டார் என்று தெரியும்.

அனுப்பியவர்: வணிகக்கல்வி ஆசிரியை, சுன்னாகம்

பட்டியலில் மூவேற்றம், மூவிறக்கம், தளர், தயங்கு நாலையும் சேர்த்துவிட்டேன். கொட்டித் தீர்க்கும் வகைக்கும், உச்சிக் காகத்துக்கும் கட்டம் வெறுமையாக இருக்கிறது. வகுப்பில் இந்தச் சனி 62 ரூபாய்க் கணக்கைத்தான் வரையப்போகிறோம். அதற்கு முன் யாருக்காவது நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள்.