ரெசல்யூஷன் ஸ்கேலா, மானிட்டர் ரெசல்யூஷனா? ஸ்கிரீன்ஷாட்டில் சிக்காத வித்தியாசம்

குறிக்கோடு:
27 அங்குல மானிட்டர், 2560×1440. ஜிபியு திணறியதால் இரண்டு வழியிலும் ஓட்டிப் பார்த்தேன்: ஒன்று, விளையாட்டின் ரெசல்யூஷனையே 1920×1080 ஆக்குவது, இன்னொன்று, 1440-இலேயே விட்டு ரெசல்யூஷன் ஸ்கேல் ஸ்லைடரை 75%-க்கு இறக்குவது. உறுத்துவது ஒரே விஷயம். நடுவில் இருக்கும் குறிக்கோடு ஒரு பிக்சல் அகலம். 1080-இல் அது கோடாகவே இல்லை, இருபுறமும் சாம்பல் கசிந்த பட்டையாக நின்றது. 75% ஸ்லைடரில் கத்தி மாதிரி கூர்மை. சரி, இதைக் காட்டலாம் என்று இரண்டிலும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால், 1080 படத்தில் கோடு பளிச்சென்று இருக்கிறது! தூரத்து மரங்களும் 75% படத்தைவிட அதில்தான் தெளிவு. கண் ஒன்று சொல்கிறது, கோப்பு வேறொன்று சொல்கிறது.

சமன்பாடு:
2560-இல் 75% என்றால் 1920. 1440-இல் 75% என்றால் 1080. இரண்டிலும் ஜிபியு வரைவது ஏறக்குறைய 20.7 லட்சம் பிக்சல். வரைந்தது ஒன்று என்றால் படமும் ஒன்றுதான். எழுத்தும் குறிக்கோடும் மட்டும் ஸ்லைடரில் தனியாக முழு ரெசல்யூஷனில் வரும், அவ்வளவே வித்தியாசம். உங்கள் பிரச்சினை 1440 திரைக்கே உரியது. 4கே திரையில் 1080 போட்டால் சரியாக இரண்டால் வகுபடும், மங்கலே வராது.

வடிகட்டி:
சமன்பாடு சொன்னதில் பாதி சரி. முதலில் ஸ்கிரீன்ஷாட் விஷயம், ஏனென்றால் இணையத்தில் கிடக்கும் ஒப்பீடுகளில் பாதி இதில்தான் கெட்டுப்போகின்றன.

ரெசல்யூஷனைக் குறைத்தால் விளையாட்டு 1920×1080 படத்தை முடித்துக் கொடுத்துவிடுகிறது. ஸ்கிரீன்ஷாட் பிடிப்பது அந்தப் படத்தை. அதை 2560×1440 ஆகப் பெரிதாக்கும் வேலை அதற்கு அப்புறம், ஜிபியுவின் வெளியீட்டுப் பகுதியிலோ மானிட்டருக்குள்ளோ நடக்கிறது. மங்கல் பிறப்பது அங்கே, அதனால் கோப்பில் அது இருக்கவே இருக்காது. கோப்பின் அளவைப் பாருங்கள், 1920×1080 என்றுதான் காட்டும். ஸ்லைடரில் பெரிதாக்குவது விளையாட்டுக்குள்ளேயே முடிந்துவிடுவதால் அதன் மங்கல் முழுக்கப் படத்தில் பதிகிறது. ஆக நீங்கள் ஒப்பிட்டது பெரிதாக்காத படத்தையும் பெரிதாக்கிய படத்தையும். நேர்மையாக ஒப்பிட வேண்டுமென்றால் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, ஃபோகஸைப் பூட்டி, திரையின் அதே மூலையை இரண்டு நிலையிலும் படம் எடுக்க வேண்டும்.

குறிக்கோடு ஏன் பட்டையாகிறது? 1080-இலிருந்து 1440-க்குப் போகும்போது மூன்று பிக்சல் நான்கு பிக்சல்மேல் பரவ வேண்டும். ஒரு பிக்சல் கோட்டின் பங்கு 1.33 பிக்சல். திரையில் மூன்றில் ஒரு பங்கு பிக்சல் என்று எதுவும் கிடையாது, எனவே மிச்சம் பக்கத்துப் பிக்சலில் சாம்பலாக ஏறுகிறது. கோடு எந்த இடத்தில் விழுகிறது என்பதைப் பொறுத்துக் கசிவு மாறும். ஒரே வரியில் ஒரு எழுத்து தடித்தும் அடுத்தது மெலிந்தும் தெரிவது இதனால்தான்.

4கே-யில் இரண்டால் வகுபடுவது உண்மை. ஆனால் வகுபடுவது வேறு, பெரிதாக்கும் கருவி அதைப் பயன்படுத்துவது வேறு. பல மானிட்டர்கள் எந்த விகிதம் வந்தாலும் அதே மென்மையாக்கும் வடிகட்டியைத்தான் போடுகின்றன. ஒரு பிக்சலை அப்படியே நான்காக நகலெடுக்க Integer scaling வேண்டும். என்விடியாவில் அது 2019 ஆகஸ்டில் டூரிங் கார்டுகளுக்கு வந்தது. NVIDIA Control Panel-இல் Adjust desktop size and position-க்குப் போய், Perform scaling on: GPU என்று வைத்து அதைத் தேர்ந்தெடுங்கள். அப்போது எழுத்து கூர்மையாகும். கூடவே முப்பரிமாணக் காட்சியில் படிக்கட்டு விளிம்புகளும் அப்பட்டமாகத் தெரியும். அது பிடிக்காதவர்களும் உண்டு.

நீள்சதுரம்:
எல்லாரும் மங்கல் மங்கல்னு சொல்றீங்க. கவுன்டர்-ஸ்ட்ரைக்ல 1280×960 இழுத்துப் போட்டு ஆடுறவங்க எத்தனை பேர்! 4:3 படத்தை 16:9 திரை முழுக்க இழுத்தா எதிராளி 1.33 மடங்கு அகலமாத் தெரிவான். இதை ஸ்லைடரால பண்ணவே முடியாது, அது விகிதத்தைத் தொடாது. கோடு கசியுதுதான், எனக்கு அது பொருட்டில்ல.

வடிகட்டி:
அந்தத் தேவைக்கு அந்த வழிதான், மறுக்கவில்லை. ஆனால் ஆள் அகலமாகும் அதே மடங்கில் பக்கவாட்டு அசைவும் திரையில் வேகமாகும், ஓரப் பார்வையும் சுருங்கும். படத்தின் தரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

மேசைவிளக்கு:
எனக்கும் இதே பிரச்சினை. விண்டோஸில் Scale 150%-இல் இருக்கிறது, அதை 100% ஆக்கினால் எஃப்பிஎஸ் கூடுமா? இன்னொன்று, 1080-க்கு மாற்றியதும் கறுப்பு எல்லாம் சாம்பலாகி, படமே வெளிறிவிட்டது. குகைக்குள் நின்றால் பனிமூட்டத்தில் நிற்பது போல இருந்தது. எச்டிஎம்ஐ கேபிள், என்விடியா கார்டு.

ஓடுதளம்:
மேசைவிளக்கு, நீங்கள் சொல்லும் Scale டெஸ்க்டாப் எழுத்தின் பருமன் மட்டுமே. 150-ஐ 100 ஆக்கினால் ஐகான் சிறுக்கும், விளையாட்டு வரையும் பிக்சல் எண்ணிக்கை மாறாது. அதை விட்டுவிடுங்கள்.

வெளிறுவதுதான் கவனிக்க வேண்டியது, இது ரெசல்யூஷனால் வரும் மங்கலே அல்ல. 1080 என்பது தொலைக்காட்சிக்கான வடிவமும் கூட. எச்டிஎம்ஐ-யில் அந்த வடிவத்துக்கு மாறும்போது டிரைவர் வண்ண வீச்சை 0–255-இலிருந்து 16–235-க்குச் சுருக்கி அனுப்பலாம். மானிட்டர் முழு வீச்சு என்று நினைத்துக் காட்டினால் கறுப்பு 16-இல் நின்று சாம்பலாகிவிடும். Change resolution பக்கத்தில் Use NVIDIA color settings-ஐத் தேர்ந்து Output dynamic range-ஐ Full ஆக்குங்கள். அதே பக்கத்தில் ஹெர்ட்ஸையும் பாருங்கள். Ultra HD, HD, SD என்ற தலைப்புக்குக் கீழே உள்ள 1080-ஐத் தேர்ந்தால் 60-க்கு விழுந்திருக்க வாய்ப்பு உண்டு. PC தலைப்பின் கீழ் 1920×1080 இருந்தால் அதை எடுங்கள்.

இன்னும் சுருக்கமான வழி, ஜிபியுவையே பெரிதாக்கச் சொல்வது. அப்போது கேபிளில் போவது மானிட்டரின் இயல்பான சிக்னல்தான், பெரும்பாலும் இந்தச் சிக்கலே வராது. உண்மையில் எது பெரிதாக்குகிறது என்று அறிய மானிட்டரின் பொத்தானை அழுத்தித் தகவல் பக்கத்தைப் பாருங்கள். விளையாட்டு 1080-இல் ஓடும்போது அங்கே 2560×1440 என்றிருந்தால் வேலை செய்வது ஜிபியு. 1920×1080 என்றிருந்தால் மானிட்டர். பார்டர்லெஸ் விண்டோவில் இந்தச் சோதனை பயன்படாது. அங்கே டெஸ்க்டாப் ரெசல்யூஷன் மாறுவதே இல்லை, எப்போதும் 1440 என்றுதான் காட்டும்.

சமன்பாடு:
மானிட்டர் எப்படிப் பெரிதாக்குகிறது என்பதை ஏற்கிறேன். ஆனால் முப்பரிமாணக் காட்சியைப் பொறுத்தவரை என் கணக்கு நிற்கிறது. தவிர, ஸ்லைடர் எல்லா விளையாட்டிலும் நன்றாக இருப்பதில்லை. ஒன்றில் 56% போட்டால் 1080-க்கு நிகராக இருந்தது, இன்னொன்றில் அதே 56% கஞ்சி மாதிரி கலங்கிவிட்டது.

வடிகட்டி:
அந்த 56%-தான் இந்த இழையிலேயே முக்கியமான தடயம். சில விளையாட்டுகளில் சதவீதம் ஒவ்வொரு பக்கத்துக்கும், சிலவற்றில் மொத்தப் பரப்புக்கும். 1440-இல் 1080-க்கு நிகர் வேண்டுமானால் முதல் வகையில் 75, இரண்டாம் வகையில் 56. பக்கக் கணக்கு விளையாட்டில் 56 போட்டால் கிடைப்பது சுமார் 1434×806, கலங்காமல் என்ன செய்யும்? மாறாகப் பரப்புக் கணக்கில் 75 போட்டால் சுமார் 2217×1247 வரும். படம் அழகாக இருக்கும், எஃப்பிஎஸ் எதிர்பார்த்த அளவு ஏறாது.

மெனுவில் ரெசல்யூஷன் எண்ணைக் காட்டாத விளையாட்டில் எந்த வகை என்று கண்டுபிடிக்க, விளிம்பு மென்மையாக்கலையும் கூர்மையாக்கலையும் அணைத்து 50%-இல் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இங்கே ஸ்கிரீன்ஷாட்டை நம்பலாம், பெரிதாக்கியது விளையாட்டே. கிட்டத்தட்ட 45 டிகிரியில் சாய்ந்த விளிம்பு ஒன்றை எட்டு மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். படிகள் சீராக இரண்டிரண்டு பிக்சலாக வந்தால் பக்கக் கணக்கு. ஒன்றும் இரண்டுமாகக் கலந்து வந்தால் பரப்புக் கணக்கு.

உங்கள் கணக்கு எங்கே நிற்கிறது என்றால், ஸ்லைடர் பக்கத்துப் பிக்சல்களின் சாதாரணச் சராசரியால் பெரிதாக்கும் விளையாட்டில். அங்கே காட்சியின் தரம் ஜிபியு பெரிதாக்கிய 1080-ஐ ஒட்டியே இருக்கும், எழுத்து மட்டும் தப்பிக்கும். முந்தைய ஃபிரேம்களையும் சேர்த்துப் பெரிதாக்கும் விளையாட்டில் நிற்காது. அது ஒவ்வொரு ஃபிரேமிலும் மாதிரிப் புள்ளியைச் சற்று நகர்த்தி எடுத்து, சேர்ந்த புள்ளிகளை 1440 கட்டத்தில் நிரப்புகிறது. அசையாத சுவரில் 1080-இல் இல்லவே இல்லாத விவரம் அப்படித்தான் வருகிறது. மானிட்டருக்கு வந்து சேர்வது முடிந்த படம் ஒன்று மட்டுமே, அதனால் இதைச் செய்ய முடியாது.

அன்ரியல் என்ஜின் 4 விளையாட்டுகளில் இதை நேராகச் சோதிக்கலாம். Engine.ini-இல்:

```
[SystemSettings]
r.ScreenPercentage=75
r.TemporalAA.Upsampling=1
```

இங்கே சதவீதம் பக்கக் கணக்கு. முந்தைய ஃபிரேம்களைச் சேர்த்து விளிம்பை மென்மையாக்கும் TAA அணைந்திருந்தால் இரண்டாவது வரிக்குப் பலனில்லை. சில விளையாட்டுகள் மெனு மதிப்பை மேலே எழுதிவிடும், அப்போது இரண்டுமே பலிக்காது.

ஓடுதளம்:
ஒன்று சேர்க்கிறேன். அப்படிச் சேர்த்துப் பெரிதாக்கினாலும் செங்கல், புல், துணி மட்டும் மங்கலாக இருந்தால் குற்றவாளி டெக்ஸ்சர். குறைந்த ரெசல்யூஷனில் வரைகிறோம் என்று பார்த்து என்ஜின் டெக்ஸ்சரின் சிறிய நகலை, அதாவது சிறிய மிப் அளவை எடுத்துவிடுகிறது. 75%-க்கு மிப் பயாஸ் சுமார் −0.4, 50%-க்கு −1 வேண்டும். நல்ல விளையாட்டுகள் தாமாகவே வைத்துக்கொள்ளும். இல்லாதவற்றில் டிரைவரில் திணிக்கலாம் என்பார்கள், ஆனால் அளவு மீறினால் நகரும்போது புல்வெளி முழுக்க மின்னும்.

நீள்சதுரம்:
நகரும்போதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. சுவரைப் பார்த்துக்கிட்டு யாரும் ஆடுறதில்ல. சட்டுனு திரும்பினா அந்தச் சேர்த்த ஃபிரேம் எல்லாம் பயன்படாது, ஓடுறவன் பின்னாடி வால் மாதிரி நிழல் இழுக்கும். 1080-ல அந்த வால் கிடையாது.

வடிகட்டி:
1080-இலும் TAA இருந்தால் வால் உண்டு. ஆனால் 75%-இல் அது கூடுதலாக நீளுமா என்பது விளையாட்டைப் பொறுத்தது. வேலி, கம்பி, பறக்கும் தூசி இவற்றில் நீள்வது எனக்கும் தெரிந்திருக்கிறது.

குறிக்கோடு:
என் விளையாட்டில் 50% படிகள் இரண்டிரண்டாக வந்தன, அதாவது பக்கக் கணக்கு. மானிட்டர் தகவல் பக்கம் 1920×1080 காட்டியது. ஜிபியுவுக்கு மாற்றியதும் குறிக்கோட்டின் கசிவு ஒரு பக்கமாகச் சுருங்கியது, போகவில்லை. 75% ஸ்லைடரில் எஃப்பிஎஸ் 1080-ஐவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் நிற்கிறது. எழுத்தும் பெரிதாக்கும் வேலையும் 1440-இல் நடப்பதற்கான கூலி அது என்று எடுத்துக்கொள்கிறேன். கம்பி வேலி மட்டும் ஓடும்போது இன்னும் நடுங்குகிறது. 80-க்கு ஏற்றினால் அடங்குமா, அல்லது கூர்மையாக்கலைக் குறைத்தால் போதுமா? பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஓடுதளம்:
கூர்மையாக்கலை முதலில் சுழியாக்குங்கள், அது நடுக்கத்தையும் சேர்த்தே கூட்டிக் காட்டும். அப்புறமும் நடுங்கினால் 80.