[கலைச்சொல்] லெவினின் மூன்று படிகள்: உறைநீக்கமா, இளகலா?

முத்துலட்சுமி, கம்பம்

அனைவருக்கும் வணக்கம். மேலாண்மைப் பாடக்குறிப்பு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். குர்ட் லெவின் என்ற உளவியலாளரின் மாற்ற மாதிரியில் அன்ஃப்ரீசிங், மூவிங், ரீஃப்ரீசிங் என்று மூன்று படிகள் வருகின்றன. உறைநீக்கம், நகர்வு, மீளுறைவு என்று எழுதி வைத்திருக்கிறேன். பணியாளர்கள் மாற்றத்துக்கு இணங்காமல் இருப்பதை 'மாற்ற எதிர்ப்பு' என்றே போட்டிருக்கிறேன். படித்துப் பார்த்தால் மூன்றும் விறைப்பாக இருக்கின்றன. என் மாணவர்களில் பலருடைய வீட்டில் யாராவது ஒருவர் காலையில் ஜீப் ஏறிக் கம்பம்மெட்டு வழியாக ஏலக்காய் வேலைக்குப் போகிறவர். அவர்களுக்குப் புரியும் சொல் வேண்டும்.

ஜேம்ஸ், குமுளி

டீச்சர், உறைநீக்கம் நல்ல சொல்தான், மாற்ற வேண்டாம். நான் குளிர்பதனக் கிடங்குகளில் வேலை பார்க்கிறேன். சுருளில் பனி ஏறினால் காற்று போகாது, கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருக்கும். அதைக் கரைத்து இறக்குவதை உறைநீக்கம் என்றே சொல்லிக்கொடுக்கலாம். ஆனால் மீளுறைவு மட்டும் கூடாது. ஒருமுறை உருகிய இறைச்சியையோ மீனையோ திரும்ப உறையவைத்தால் தரம் போய்விடும். பாடத்தில் இதையும் சேர்த்து எழுதுங்கள்.

முத்துலட்சுமி, கம்பம்

ஜேம்ஸ் அண்ணே, இது மனிதர்களைப் பற்றிய பாடம். ஆனாலும் ஒரு உதவி செய்துவிட்டீர்கள். உறைநீக்கம் குளிர்பதனத்துக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது என்றால் அதை அங்கேயே விட்டுவிடலாம்.

பால்ராஜ், போடி

ரொம்ப யோசிக்க வேண்டியதில்லை. லெவின் சொன்னது பனிக்கட்டி உதாரணம். சதுரக் கட்டியை உருக்கி, வேறு அச்சில் ஊற்றி, திரும்ப உறையவைப்பது. எனவே உருக்கல், வார்த்தல், உறைவித்தல். 'மாற்ற எதிர்ப்பு' சரியானதே. புதிது எதுவானாலும் எதிர்ப்பது மனித இயல்பு. அதை முறியடிப்பதுதான் முதல் படி. நான் பயிற்சி வகுப்புகளில் இப்படித்தான் நடத்துகிறேன், எல்லோருக்கும் புரிகிறது.

சண்முகம், தேனி

பால்ராஜ் சொல்வதில் பாதி சரி. மூன்று படிகளும் லெவினுடையவைதான். 1947இல் வந்த கட்டுரையில் எழுதினார், அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே இறந்தும் போனார். ஆனால் அந்தக் கட்டுரையில் மூன்றாவது படிக்கு அவர் வைத்த பெயர் வெறும் ஃப்ரீசிங். 'ரீ' பின்னால் வந்தவர்கள் ஒட்டியது. பனிக்கட்டி, அச்சு எல்லாம் பயிற்சி வகுப்புகளின் கைவண்ணம். அவர் பேசியது விசைகளைப் பற்றி.

ஒரு குழு ஒரு நாளில் இவ்வளவு வேலை செய்கிறது என்றால், அந்த அளவு மேலே தள்ளும் விசைகளும் கீழே பிடித்து வைக்கும் விசைகளும் சமப்பட்டு நிற்கும் இடம் என்பது அவர் பார்வை. அதை உயர்த்த இரண்டு வழி உண்டு. தள்ளுவதைக் கூட்டலாம், பிடிப்பதைக் குறைக்கலாம். தள்ளுவதைக் கூட்டினாலும் அளவு ஏறலாம், ஆனால் இரு பக்க இழுப்பும் கூடி உள்ளே இறுக்கம் ஏறும். பிடிப்பதைக் குறைத்தால் இறுக்கமும் குறைந்து அளவும் ஏறும். ஆக 'எதிர்ப்பு' என்று எழுதினாலே நோயைத் தப்பாகக் கண்டுபிடித்த மாதிரி. எதிர்ப்பு என்றால் எதிர்க்கிற ஆள் ஒருவர் வேண்டும். லெவினின் தடுக்கும் விசை ஆளுக்குள் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. கூலி போடும் முறையில் இருக்கலாம், பேருந்து நேரத்தில் இருக்கலாம், பக்கத்து மேசைக்காரி என்ன நினைப்பாள் என்பதில் இருக்கலாம். உந்துவிசை, தடுவிசை என்று இரண்டையும் ஜோடியாக வைப்பது நல்லது.

தேவகி, வண்டன்மேடு

நான் மேலாண்மை படித்தவள் இல்லை. ஒரு ஏலக்காய் ஸ்டோரில் கணக்கு எழுதுகிறேன். சண்முகம் ஐயா ஜீப் நேரம் மாதிரி ஒன்றைச் சொன்னதும் எங்கள் கதைதானோ என்று தோன்றியது. சரியா என்று நீங்களே சொல்லுங்கள்.

எங்களிடம் காய் பொறுக்கும் பெண்கள் பெரும்பாலும் கம்பம் பக்கம் இருந்து வருகிறவர்கள். சல்லடையில் அளவு பிரித்த பிறகு வெடித்த காய், நிறம் மங்கிய காய், காம்பு, தூசி எல்லாவற்றையும் கையால் எடுக்க வேண்டும். தார்ப்பாயில் ஒரே குவியலைக் கொட்டி எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பொறுக்குவார்கள். பொறுக்கியது பொதுச் சாக்கில் போகும். நாள் கூலி.

வாங்கும் வியாபாரி வெடித்த காய் கலந்திருக்கிறது என்று இரண்டு மூன்று முறை புகார் சொன்னார். யார் பொறுக்கியது என்று தெரியவில்லை. முதலாளி ஆளுக்கு ஒரு எண், ஒரு தட்டு, ஒரு பை என்று கொடுத்தார். சாயங்காலம் ஒவ்வொரு பையும் எடை போட்டு என் நோட்டில் ஏறும். முந்தைய சராசரியைத் தாண்டினால் கிலோவுக்குக் கூடுதல் காசு. நல்ல திட்டம் என்று நானும் நினைத்தேன். பழைய சராசரியை 100 என்று வைத்துக்கொண்டால் இரண்டாவது வாரம் 85க்கு இறங்கியது. ஊக்கத்தொகையைக் கூட்டினார், 85தான். நோட்டைப் பார்த்தால் எல்லோருடைய எடையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. முதல் வாரம் மேலே போன இரண்டு இளம்பெண்களும் இறங்கிவிட்டார்கள். "இதுகளுக்குப் புதுசு எதுவும் ஆகாது" என்றார் முதலாளி.

சண்முகம், தேனி

எல்லோருக்கும் ஒரே எடை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது, அம்மா. சோம்பலாக இருந்தால் எடை ஆளுக்கு ஆள் சிதறும். ஒரே கோட்டில் நின்றால் குழு ஒரு அளவை வைத்துக்கொண்டு காவல் காக்கிறது.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலம் மேரியன் ஊரில் ஹார்வுட் பைஜாமா ஆலை இருந்தது. பணியாளர் பெரும்பாலும் பெண்கள். கோச், ஃப்ரெஞ்ச் என்ற இருவர் அங்கே செய்த ஆய்வு 1948இல் வெளிவந்தது. வேலை முறை மாறிய ஒரு குழுவில், இஸ்திரி போடும் பெண் ஒருவர் மற்றவர்கள் அளவைத் தாண்டத் தொடங்கினார். மற்றவர்கள் படுத்திய பாட்டில் மணிக்கு சுமார் 45 உருப்படிக்கு இறங்கிவிட்டார். பிறகு குழுவைக் கலைத்து அவரைத் தனியாக விட்டார்கள். சில நாட்களில் சுமார் 96 வந்தது. கை அதே கை. உங்கள் இரண்டு பெண்களும் இவர்தான்.

அதே ஆலையில் மாற்றத்தை அறிவிப்பாக மட்டும் கேட்ட குழுவில் 40 நாட்களுக்குள் 17 சதவீதம் பேர் வேலையை விட்டார்கள், உற்பத்தியும் தேறவில்லை. எல்லோரும் உட்கார்ந்து புதிய முறையை வடிவமைத்த குழுக்களில் ஒருவரும் விலகவில்லை, பழைய அளவுக்கு மேல் 14 சதவீதம் வரை ஏறியது. சரி, உங்கள் ஸ்டோரில் தட்டுப் பிரித்ததால் யாருக்கு என்ன போனது? அதைக் கேட்டீர்களா?

தேவகி, வண்டன்மேடு

முதலாளி கேட்கவில்லை. நான் மதியச் சாப்பாட்டில் கூட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. இரண்டு விஷயம்.

ஒன்று, வயதான நாலைந்து பேருக்குக் கண் மங்கல். பொதுக் குவியலாக இருந்தபோது அவர்கள் காம்பும் தூசியும் எடுப்பார்கள், வெடித்ததை இளசுகள் பார்த்துக்கொள்ளும். எண் போட்டதும் யார் குறைவு என்று நோட்டில் தெரியும். அடுத்த சீசனில் அவர்களைக் கூப்பிட மாட்டார்கள் என்று பயம். அதனால் எல்லோரும் மெதுவாகச் செய்து அவர்கள் அளவுக்கே வந்து நின்றார்கள். இரண்டாவது, சாயங்காலம் ஒவ்வொரு பையாக எடை போட வரிசை. ஐந்து மணி ஜீப்பை விட்டால் மலை இறங்க வேறு வண்டி இல்லை. அதனால் நாலே காலுக்கே கையை உதறிவிட்டு வரிசையில் நிற்கிறார்கள்.

சண்முகம், தேனி

அப்படியானால் 15 குறைந்ததில் ஒரு பங்கு வெறும் வரிசைக்குப் போன நேரம். அதற்கு மனத்தை மாற்ற வேண்டியதே இல்லை, எடை நேரத்தை மாற்றினால் போதும். ஊக்கத்தொகை கூட்டியும் ஏறாததற்குக் காரணம் முதல் விஷயம். காசு தள்ளத் தள்ள, கிழவிகள் வெளியே போய்விடுவார்கள் என்ற பயமும் கூடவே வளர்கிறது. பழையதை விட ஆள் துணிய வேண்டுமென்றால் விட்டால் அழிந்துபோக மாட்டோம் என்ற பாதுகாப்பும் வேண்டும் என்று பின்னால் எட்கர் ஷைன் என்ற மேலாண்மை அறிஞர் சொன்னது இதைத்தான். முதல் படி அதுவே. உங்கள் முதலாளி நேராக இரண்டாவது படியில் கால் வைத்திருக்கிறார்.

தேவகி, வண்டன்மேடு

ஒரு மதியம் வேலையை நிறுத்தி முதலாளியை உட்கார வைத்தோம். வியாபாரி திருப்பி அனுப்பிய காயை நடுவில் கொட்டி அவர்களையே பார்க்கச் சொன்னோம். "இது நம்ம பொறுக்கினதா?" என்று அவர்களே கேட்டார்கள். அதன் பிறகு பேச்சு வேறு மாதிரி போனது. ஆளுக்கு எண் வேண்டாம், நாலு பேருக்கு ஒரு மேசை, மேசைக்கு ஒரு எண் என்றார்கள். மூத்தவர்கள் எல்லா மேசையிலும் ஒருவராகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். எடை மதியம் ஒருமுறை, நாலரைக்கு ஒருமுறை. மேசை எண்ணிக்கை குறைவு, வரிசை இல்லை. மூன்றாவது வாரம் 100ஐத் தாண்டியது. வியாபாரி அதற்கப்புறம் புகார் சொல்லவில்லை, ஆனால் அவர் எப்போது சொல்வார் என்று யாருக்குத் தெரியும்.

பால்ராஜ், போடி

இதில் எதிர்ப்பு இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? வேண்டுமென்றே மெதுவாகச் செய்தார்கள். அதற்குப் பெயர் எதிர்ப்புதான். காரணம் நியாயமாக இருக்கலாம், செயல் எதிர்ப்பு. தடுவிசை என்று எழுதினால் தேர்வில் பிள்ளைகள் இயற்பியல் எழுதி வைப்பார்கள்.

முத்துலட்சுமி, கம்பம்

பால்ராஜ் ஐயா சொல்வதிலும் ஒன்று இருக்கிறது. விசைக்குத் தடுவிசை, அது செயலாக வெளிப்படும்போது எதிர்ப்பு என்று இரண்டையும் வைக்கிறேன். இப்போது படிகள். உருக்கல், உறைவித்தல் எல்லாம் பிறவினை. ஒருவர் இன்னொருவருக்குச் செய்வது. தேவகி அக்கா ஸ்டோரில் முதல் திட்டம் பிறவினை, இரண்டாவது தன்வினை. அதனால் இளகல், நகர்வு என்று வைக்கலாமா? மூன்றாவதற்கு உறைதல் போடத் தயக்கம். நம் வீட்டில் உறைவது பால். தயிரான பிறகு அது திரும்பப் பாலாகாது. ஆனால் லெவினின் மூன்றாவது படி திரும்ப இளகக்கூடியது.

சண்முகம், தேனி

இளகல் நன்று. 'மனம் இளகியது' என்றால் இரக்கம் வந்துவிடும், அது ஒரு குறை. மூன்றாவதற்கு நிலைபெறல் சொல்வேன். இறுக்கம் வேண்டாம், முன்பே விசைகளின் இறுக்கத்துக்கு அதைச் செலவழித்துவிட்டோம். ஆனால் சொல் மட்டும் போதாது, எது நிலைபெற வேண்டும் என்று பாடத்தில் வர வேண்டும். ஒவ்வொரு பெண்ணின் பழக்கமும் அல்ல, குழு தனக்கு வைத்துக்கொண்ட அளவு.

பால்ராஜ், போடி

நிலைபெறல் தட்டையாக இருக்கிறது. நான் உறைவித்தலையே வைத்துக்கொள்கிறேன்.

முத்துலட்சுமி, கம்பம்

மூன்றாவதைத் திறந்தே வைக்கிறேன். தேவகி அக்கா, பாடத்துக்காக ஒன்று கேட்க வேண்டும். மேசை முறை வந்த பிறகு உங்கள் நோட்டில் என்ன மாறியது?

தேவகி, வண்டன்மேடு

பெயர் இருந்த கட்டத்தில் இப்போது மேசை எண் அச்சடித்து வருகிறது. பழைய தார்ப்பாயை உலர்த்தும் பக்கம் கொடுத்துவிட்டார்கள். ஊக்கத்தொகை மேசைக்கு, நாலாகப் பிரிகிறது. ஆனால் தீபாவளிக்கு முன்னால் காய் குவிந்தபோது புதிதாக வந்த மேற்பார்வையாளர் ஒரு நாள் ஆளுக்கு எண் போட்டுப் பார்த்தார். அன்று சாயங்காலமே எடை எல்லோருக்கும் ஒன்றாக வந்தது. மறுநாள் மேசைக்கே திரும்பினோம். அடுத்த சீசனுக்கு மூத்தவர்களைக் கூப்பிடுவார்களா என்பதை முதலாளி இன்னும் எழுதித் தரவில்லை. அதைத்தான் அவர்கள் தினமும் என்னிடம் கேட்கிறார்கள்.