நினைவு மலர்க் குழு: பெரியப்பாவின் உத்திரமேரூர்ப் பேச்சு

முரளி: எல்லோருக்கும் வணக்கம். பெரியப்பாவின் முதலாண்டு நினைவு மலரில், சோழர் காலத்து ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகளைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி அவர் நூலகத்தில் பேசியதைக் குறிப்புகளாகச் சேர்க்க வேண்டும் என்று பெரியம்மா கேட்டிருக்கிறார். ஒலிப்பதிவைக் கைபேசியில் எழுத்தாக மாற்றி, 'வந்து', 'இல்ல', 'சரிங்களா' ஆகிய மூன்றையும் தேடி நீக்கிவிட்டேன். கோப்பு மேலே இருக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

சுந்தரம் சித்தப்பா: அண்ணன் பேசியதில் ஒரு சொல்லைக்கூட வெட்டக் கூடாது. அப்பாவின் கடிதங்களைச் சுருக்கி அச்சிட்டபோதும் இதைத்தான் சொன்னேன், யாரும் கேட்கவில்லை.

பெரியம்மா: அந்தக் கதை இப்போது வேண்டாம், சுந்தரம்.

கயல்விழி: ஒலிப்பதிவும் வெட்டாத எழுத்து வடிவமும் அப்படியே இருக்கும் சித்தப்பா, குறிப்புகளைத் தனிக் கோப்பில் எழுதுவோம். ஆனால் முரளி அண்ணா, மொத்தமாகத் தேடி நீக்கியதில் பொருள் மாறியிருக்கிறது. வயதைப் பற்றிப் பெரியப்பா சொன்னது இது: "வயசு வந்து முப்பதுலேர்ந்து அறுபது, இல்ல, அது மொத கல்வெட்டு, ரெண்டாவதுல முப்பத்தஞ்சுலேர்ந்து எழுபது, சரிங்களா." உங்கள் கோப்பில் 'இல்ல' போய்விட்டதால், அவர் தம்மைத் திருத்திக்கொண்டதே தெரியவில்லை, 'அது மொத கல்வெட்டு' என்பது எதைச் சுட்டுகிறது என்று படிப்பவர் தடுமாறுவார்.

முரளி: அப்படியானால் கடைசியாகச் சொன்னதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். திருத்திச் சொன்னதுதானே சரியானது?

கயல்விழி: பெரும்பாலும் அப்படித்தான், அண்ணா. இங்கே இரண்டுமே சரி. பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டில், அதாவது 919இல், பொறித்த கல்வெட்டில் 30 முதல் 60 என்றும், 921இல் பொறித்ததில் 35 முதல் 70 என்றும் இருக்கிறது. ஆகவே 'வயது வரம்பு' என்ற தலைப்பின் கீழ் இரண்டையும் ஆண்டோடு எழுத வேண்டும். 'சரிங்களா' போகலாம், 'வயசு வந்து' என்பதில் உள்ள 'வந்து'வும் போகலாம். "குடத்தைச் சபை நடுவுல கொண்டுவந்து வச்சாங்க" என்ற இடத்தில் உங்கள் தேடல் அதையும் வெட்டி, 'கொண்டு வச்சாங்க' என்று ஆக்கியிருக்கிறது. அரசனுடைய அதிகாரி "வந்து உட்கார்ந்தார்" என்பதிலும் அதே கதை. அவர் வெளியிலிருந்து அனுப்பப்பட்டவர் என்பதைப் பெரியப்பா அழுத்திச் சொன்னார். வெறும் 'உட்கார்ந்தார்' என்றால் ஊர்க்காரர் போலத் தோன்றுகிறது. நீக்கும்போது ஒவ்வோர் இடமாகப் படித்துத்தான் நீக்க வேண்டும்.

மாலதி அத்தை: கயல், எனக்கும் சர்க்கரை மருத்துவர் பேசியது முக்கால் மணி நேரம் கைபேசியில் இருக்கிறது. அதையும் ஒரு பக்கமாக்கித் தருவாயா?

கயல்விழி: தருகிறேன் அத்தை. அதிலும் "சாப்பாட்டுக்கு முன்னால, இல்ல, பின்னால" என்று அவர் மாற்றிச் சொல்லியிருக்கலாம். அந்த இடங்களை நாம் சேர்ந்து கேட்போம்.

முரளி: சரி, தேடல் வேண்டாம். பேசிய வரிசையிலேயே தலைப்புகளைப் போட்டுவிடவா?

கயல்விழி: அந்த வரிசை உதவாது, அண்ணா. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும் என்பதை அவர் பன்னிரண்டாவது நிமிடத்தில் சொல்கிறார். அரைக்கால் வேலி இருந்தாலும் ஒரு வேதமும், பாடியம் என்னும் உரைநூல் ஒன்றும் கற்றிருந்தால் போதும் என்ற விலக்கை, கேள்வி நேரத்தில், முப்பத்தெட்டாவது நிமிடத்தில்தான் சொல்கிறார். இரண்டையும் 'நிலத் தகுதி' என்ற ஒரே தலைப்பின் கீழ் கொண்டுவந்து, ஓரத்தில் நிமிடத்தைக் குறித்துவிடுவோம். ஐயம் வந்தால் அந்த இடத்தைக் கேட்டுச் சரிபார்க்கலாம். அவரிடம் கேட்க இனி வழியில்லை.

பெரியம்மா: நிமிடக் குறி இருக்கட்டும். கைபேசி 'குடவோலை'யை 'குடை ஓலை' என்று எழுதியிருக்கிறதே, அதையும் பார்.

கயல்விழி: பார்த்தேன் பெரியம்மா, 'ஏரி வாரியம்' 'ஏரி வாரம்' ஆகியிருக்கிறது. ஊர்ப்பெயர், ஆள்பெயர், எண்கள் எல்லாவற்றையும் காதால் கேட்டே சரிபார்க்க வேண்டும். இன்னொன்று, முரளி அண்ணா 'நாட்டின் முதல் தேர்தல்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார். பெரியப்பா சொன்னது, "முதல் தேர்தல்னு சொல்றாங்க, நான் அப்படிச் சொல்லமாட்டேன்." 'சொல்றாங்க' என்பதை வெற்றுச் சொல் என்று எடுத்துவிட்டால் அவர் மறுத்ததையே அவர் கூற்றாக அச்சிடுவோம்.

சுந்தரம் சித்தப்பா: அழைப்பிதழில் நான் அந்த வரியைத்தான் கொடுத்திருக்கிறேன். ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பெரியம்மா: அவர் மேடையில் மறுத்தது எனக்கும் நினைவிருக்கிறது.

முரளி: அழைப்பிதழ் அச்சாகிவிட்டதா, சித்தப்பா?

சுந்தரம் சித்தப்பா: நாளை காலை அச்சகத்தில் கேட்டுச் சொல்கிறேன். அந்த வரியை எடுக்க எனக்கு இன்னும் மனமில்லை. கயல், முப்பத்தெட்டாவது நிமிடத்துப் பகுதியை மட்டும் எனக்குத் தனியாக அனுப்பு. கேள்வி கேட்டவன் நான்தான் என்று நினைக்கிறேன்.