பாலக்காட்டுக் கிளைக்குச் சரக்கு: சலானா, இன்வாய்ஸா?

வணக்கம். ஈரோட்டில் எங்கள் ஜவுளிக் கடை. கோவைக் கிளைக்கும் அதே ஜிஎஸ்டி எண்தான் என்பதால் டெலிவரி சலானிலேயே சரக்கு போகிறது, வரி இல்லை. பாலக்காட்டுக் கிளைக்குக் கேரளத்தில் தனிப் பதிவு. சென்ற மாதம் கணக்கர் பழக்கத்தில், ‘விற்பனைக்கு அல்ல’ என்று சிவப்பு மையில் எழுதி, அங்கேயும் 40 கட்டு போர்வைகளைச் சலானில் அனுப்பிவிட்டார். முதலாளி ஒருவரே என்றாலும், பதிவு வேறானால் பணம் வாங்காமல் அனுப்புவதற்கும் ஐஜிஎஸ்டியுடன் இன்வாய்ஸ் வேண்டும் என்று இப்போதுதான் புரிந்தது.

பாலக்காட்டில் உள்ளீட்டு வரியை முழுமையாக எடுத்துக்கொள்வோம். அப்படியானால் இன்வாய்ஸில் அடக்கவிலையையே மதிப்பாகக் காட்டலாமா? அந்த 40 கட்டுகளுக்கு இன்றைய தேதியில் இன்வாய்ஸ் போட்டால் வட்டி வருமா? ஜிஎஸ்டிஆர்-3பி இன்னும் தாக்கல் செய்யவில்லை. இப்படிச் சரிசெய்த அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.