கடைப் பக்கத்தில் ஃபாலோயர்களை நீ என்பதா, நீங்க என்பதா? உங்க அனுபவம் சொல்லுங்க

சின்னாளப்பட்டிக்காரி
சுங்குடிச் சேலை விற்கிறேன். கேப்ஷன் எழுதுவது அக்கா பையன், காலேஜ் படிக்கிறான். போன வாரம் அவன் போட்டது இது: "சுங்குடி பிடிக்குமா உனக்கு? பிடிச்சிருந்தா மெசேஜ் செய்யவும். உங்கள் வீட்டுக்கே வரும்." ரொம்ப நாளாக வாங்குகிற ஒரு டீச்சரம்மா கீழே ஒரே வரி எழுதினார், "யாரைப் பார்த்து உனக்கு?" அவ்வளவுதான், அப்புறம் ஆர்டரே வரவில்லை. பையனோ, "நீங்கள்னு போட்டா பேங்க் நோட்டீஸ் மாதிரி இருக்கு சித்தி" என்கிறான். அவன் சொல்வதும் எனக்குப் புரிகிறது.

டிஷர்ட் தம்பி
என் பக்கத்தில் எல்லாமே "மச்சி, இது உனக்குத்தான்" டைப். வாங்குவது பூரா பசங்க, ஒருத்தரும் கோபப்பட்டதில்லை. ஆளைப் பார்த்து எழுதணும், அவ்வளவுதான். ஒரே ஒரு தடவை சைஸ் டைட்டாக இருக்கிறது என்று ஒருத்தர் போட்டோவோடு வந்தார், நான் பழக்கத்தில் "மச்சி நீதானே எல் சொன்ன" என்று போட்டுவிட்டேன். "யார்ரா உனக்கு மச்சி?" அதற்குப் பிறகு நடந்ததை இங்கே எழுத முடியாது.

புரூஃப் பார்க்கிறவர்
தம்பி, ஒருத்தரும் கோபப்பட்டதில்லை என்று ஆரம்பித்து நீங்களே பதிலையும் சொல்லிவிட்டீர்கள். காசு கொடுத்த பிறகு குறை சொல்ல வருகிறவர் மச்சியாக வருவதில்லை.

சின்னாளப்பட்டி அக்காவின் கேப்ஷனில் "உனக்கு" மட்டும் பிரச்சினை இல்லை. மூன்று வரியில் மூன்று ஆள் பேசுகிறார்கள்: "உனக்கு" என்பது தோழன், "செய்யவும்" என்பது ஆபீஸ் பலகை, "உங்கள்" என்பது கடைக்காரர். டீச்சரம்மாவுக்கு உறுத்தியது இந்தத் தாவலும்தான் என்று நினைக்கிறேன். தமிழில் நீ, நீங்கள் எதுவும் எழுதாமலே ஓட்டலாம், வினையின் வாலில் மரியாதை உட்கார்ந்திருக்கும். இப்படிப் பாருங்கள்: "சுங்குடி பிடிக்குமா? பிடித்த கலரைக் கமெண்டில் சொல்லுங்க, விலை அனுப்புகிறோம். வீட்டுக்கே வந்துவிடும்." இதில் யாரையும் சுட்டவில்லை. "சொல்லுங்க" ஒருத்தருக்கும் பொருந்தும், ஊருக்கும் பொருந்தும். "சொல்லுங்கள்" என்று முழுசாக எழுதினால் பையன் சொல்லும் பேங்க் வாடை வரும், குறைத்தால் வராது.

ஆனால் "-ஆதீங்க" வரும்போது கவனம். "விலை கேட்டுட்டு வாங்காம போகாதீங்க" என்று ஒரு பக்கத்தில் பார்த்தேன். "ங்க" இருந்தும் அது திட்டுதான்.

பலகாரக் கடை, யாழ்ப்பாணம்
எங்கட பக்கத்தை அப்பாதான் பார்க்கிறவர். சென்னைப் பிள்ளை ஒன்று முறுக்குக்கு ஓர்டர் கேட்க, "நீர் எப்ப எடுக்கிறீர்?" என்று எழுதிவிட்டார். இங்கே வயது குறைந்தவர்களை மரியாதையாகக் கூப்பிடுகிற சொல் அது. அந்தப் பிள்ளை "என்ன அங்கிள், ராஜா நாடகமா?" என்று சிரிக்கிற பொம்மை போட்டு அனுப்பினது. அப்பா மூன்று நாள் ஃபோனைத் தொடவில்லை. இப்ப எல்லாருக்கும் "வாங்கோ, சொல்லுங்கோ"தான், ஒருத்தரும் ஒன்றும் சொல்வதில்லை.

ஊறுகாய் வீடு
எனக்கு மரியாதையில் இல்லை சிக்கல், பன்மையில். பொங்கலுக்கு ஒரு பரிசுப் போட்டி வைத்தோம். ஜெயித்தவருக்கு அனுப்ப வேண்டியதைப் பக்கத்திலேயே போட்டுவிட்டார் வீட்டுக்காரர்: "வாழ்த்துகள்! நீங்கள் வென்றிருக்கிறீர்கள்!" அன்று ராத்திரி பூரா "என் அட்ரஸ் இதுதாங்க" என்று ஆளாளுக்கு அனுப்புகிறார்கள். ஒருத்தரையும் நீங்கள், எல்லாரையும் நீங்கள். எல்லாருக்கும் எலுமிச்சை ஊறுகாய் சின்னப் பாட்டில் அனுப்பித்தான் தப்பித்தோம். இப்போதெல்லாம் "உங்களில் ஒருவர்" என்றுதான்.

டிஷர்ட் தம்பி
அப்படிப் பார்த்தால் ஆப்பில் "தேடு", "வாங்கு" என்று பட்டன் இருக்கிறதே, அது மட்டும் மரியாதைக் குறைவில்லையா? அதையும் மாற்றச் சொல்லுங்க.

புரூஃப் பார்க்கிறவர்
அது நீங்கள் மெஷினுக்குப் போடுகிற உத்தரவு. கடை உங்களுக்குச் சொல்வதில்லை.

டிஷர்ட் தம்பி
படிக்கிறவருக்கு அது எப்படித் தெரியும்? என் அம்மா "என்னை ஏன் வாங்குங்கிறான்?" என்றுதான் கேட்டார்.

சின்னாளப்பட்டிக்காரி
பட்டன் சண்டையை நீங்களே முடித்துக்கொள்ளுங்க. கலர் கேப்ஷனை மாற்றிப் போட்டுவிட்டேன். இன்னொன்று கேட்கணும். லைவில் பூப்படம் வைத்த ஒருவரை நான் "அக்கா, பச்சை கேட்டீங்களா?" என்று கேட்க, "நான் அண்ணன்ங்க, வீட்டுக்காரம்மாவுக்குத்தான் பார்க்கிறேன்" என்று எழுதினார். பச்சையும் வாங்கினார், அது வேறு. ஆணா பெண்ணா தெரியாதவரை லைவில் என்னவென்று கூப்பிடுகிறீர்கள்? "மேடம், சார்" வேண்டாம், எனக்கு வாயில் வராது.